பாண்டு கைக்கு வந்து 30 நாளுக்குள்: ஃப்ரீ லுக் ரத்தும் பிடித்தக் கணக்கும்

ஆயுள் காப்பீட்டு பாலிசி வாங்கியபின் பாண்டைப் படித்துப் பார்க்கிறீர்கள். நிபந்தனை பிடிக்கவில்லை. அப்படியானால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இதுதான் ஃப்ரீ லுக். இவ்வளவும் பலருக்குத் தெரியும். பணம் சிக்குவது வேறு இரண்டு இடங்களில்: அந்த 30 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதிலும், திரும்பும் தொகையில் எதை எவ்வளவு பிடிக்கலாம் என்பதிலும். கடலூரில் நடந்த ஒரு ரத்தை எடுத்துக்கொண்டால் இரண்டும் விளங்கிவிடும்.

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, வயது 47. வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்ந்தது. புதுப்பிக்கப் போனவரிடம், "இதுல போடுங்கக்கா, வட்டி கூட வரும், அஞ்சு வருஷம் கட்டினா போதும்" என்று சொல்லிப் படிவங்களில் கையெழுத்து வாங்கினார்கள். வந்த பாண்டில் வருடப் பிரீமியம் 1,00,000 ரூபாய், கட்டும் காலம் 10 வருடம், பாலிசிக் காலம் 20 வருடம், காப்புத்தொகை 10 லட்சம் என்று இருந்தது. வருடா வருடம் லட்ச ரூபாய் கட்ட அவருக்கு வழியில்லை. ஃப்ரீ லுக்கில் ரத்து செய்யத் தீர்மானித்தார்.

நாள் எண்ணுவது

முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாள்தான். மின்னணு பாலிசிக்கும், போன், ஆன்லைன் வழியாக விற்ற பாலிசிக்கும் மட்டும் 30 நாள். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிமுறைப்படி, எந்த வழியில் வாங்கியிருந்தாலும் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். பழைய பழக்கத்தில் "பதினஞ்சு நாள் தாண்டிடுச்சே" என்று கவுண்டரில் சொன்னால், உங்கள் பாண்டிலேயே ஃப்ரீ லுக் பத்தி இருக்கும், அதைத் திறந்து காட்டுங்கள்.

பணம் கட்டிய நாளையோ, பாண்டில் அச்சிட்டிருக்கும் வழங்கிய தேதியையோ வைத்து இந்தக் கணக்கு ஓடாது. ஆவணம் உங்களை வந்தடைந்த தேதிதான் தொடக்கம். ஆனால் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் ஒரு பிரதியும் தபாலில் ஒரு பிரதியும் வருகின்றன. விதியில் "மின்னணு வழியிலோ வேறு வழியிலோ" என்று இருப்பதால், முதலில் வந்ததையே கம்பெனி கணக்கில் எடுக்கும். அந்த அம்மாவின் பாலிசி 2026 பிப்ரவரி 3-இல் மின்னஞ்சலில் போயிருக்கிறது. தபால் வந்தது பிப்ரவரி 9-இல். தபால் தேதியை முதல் நாளாக எண்ணினால் மார்ச் 10 வரை நேரம் இருக்கிறது. மின்னஞ்சல் தேதியை எண்ணினால் மார்ச் 4-ஓடு முடிந்தது. ஆறு நாள் வித்தியாசம். கையில் பாண்டு வைத்துக்கொண்டு மார்ச் 8-இல் போய் நிற்பவரிடம் "டைம் முடிஞ்சிடுச்சு" என்பது இப்படித்தான்.

எனவே இரண்டில் எது முன்னதோ அதையே எடுத்துக்கொண்டு, வந்த நாளையே ஒன்று என்று எண்ணுங்கள். சட்டப்படி ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமா என்று வாதாடும் நிலைக்குப் போகவே கூடாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்மொழிவுப் படிவத்தை விற்பவரே டேப்லெட்டில் நிரப்புகிறார். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் இல்லை என்றால் தன்னுடையதையோ கிளை ஊழியர் ஒருவருடையதையோ போட்டுவிடுகிறார். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கம்பெனியின் கம்ப்யூட்டர் காட்டும், உங்களுக்கோ ஒன்றும் வந்திருக்காது. பாண்டோடு உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது மொபைல் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும்தான். அவை உங்களுடையவை அல்ல என்றால் ரத்துக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: "படிவத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி என்னுடையது அல்ல. ஆவணம் எனக்கு முதன்முதலில் கிடைத்தது தபாலில், இந்தத் தேதியில்." தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பார்கோடு எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது என்று வரும். சில வாரங்களில் அந்த விவரம் தளத்திலிருந்து போய்விடக்கூடும் என்பதால் அன்றே படம் பிடித்து வையுங்கள்.

ஏஜெண்டே பாண்டை வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் கொண்டு வந்து தரேன்" என்று இழுப்பதும் நடக்கிறது. ஃப்ரீ லுக்கில் ரத்தானால் அவருக்குப் போன கமிஷன் திரும்பப் பிடிக்கப்படும், அதனால்தான் இந்த இழுப்பு. அவர் கையால் தந்தால், தந்த தேதியை வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுப் பதிலாக வாங்கிவிடுங்கள்.

எங்கே கொடுப்பது, என்ன எழுதுவது

வங்கியில் வாங்கிய பாலிசி என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அந்த வங்கிக்கே போவதுதான். போகலாம், ஆனால் கடிதத்தை அங்கே மட்டும் கொடுத்துவிட்டு வரக்கூடாது. வங்கி இங்கே விற்பனை முகவர், பாலிசி கொடுத்தது காப்பீட்டு நிறுவனம். வங்கி மேசையில் பத்து நாள் கிடந்த கடிதம் நிறுவனத்துக்கு வந்த கடிதமாகாது என்று பிறகு சொல்வார்கள். இந்த அம்மாவிடமும், "திங்கக்கிழமை ரிலேஷன்ஷிப் மேனேஜர் வருவார், அவர்கிட்ட கொடுங்கம்மா" என்றுதான் சொன்னார்கள். திங்கள் வந்தது, மேனேஜர் வரவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் கிளையிலேயே நேரில் கொடுப்பது நல்லது. எல்லா நிறுவனத்துக்கும் கடலூரில் கிளை இருக்காது, புதுச்சேரிக்குப் போக வேண்டி வரலாம். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான், போய் வருவதே மேல். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் கிளை முத்திரை, தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்து நான்கும் வாங்க வேண்டும். அன்றே அதே கடிதத்தை ஸ்கேன் செய்து, பாலிசியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்புங்கள். தலைப்பில் பாலிசி எண்ணோடு `Free Look Cancellation` என்று ஆங்கிலத்திலேயே போடுவது நல்லது, அங்கே பிரித்து அனுப்புபவர் கண்ணில் படும். நேரில் போக முடியாதவர்கள் மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. எனவே கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட், அதோடு பதிவு வசதியும் என்று கேட்டு வாங்குங்கள். தபாலில் போட்ட தேதி எது என்று பார்க்காமல், 30-ஆம் நாளுக்குள் அங்கே போய்ச் சேருமாறு அனுப்ப வேண்டும்.

கடிதத்தில் ஒரு சொல் மாறினால் வேலை கெட்டுவிடும். "பாலிசியை சரண்டர் செய்ய விரும்புகிறேன்" என்று எழுதாதீர்கள். பேச்சில் நாம் எல்லாவற்றையும் சரண்டர் என்கிறோம். ஆனால் அது வேறு கணக்கு. 2024 அக்டோபர் முதல் உள்ள விதியில்கூட, பாரம்பரிய வகைப் பாலிசியில் ஒரு வருடம் முழுப் பிரீமியம் கட்டி, அந்த வருடமும் முடிந்த பிறகுதான் சரண்டர் மதிப்பு உருவாகிறது. அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினால் "மதிப்பு பூஜ்யம்" என்று பதில் வரும். பிரீமியத்தைச் சந்தையில் யூனிட்டுகளாகப் போடும் யூலிப் வகைப் பாலிசியில் அது பணத்தை ஐந்து வருடம் பூட்டி வைக்கும் வேறு வழிக்குப் போய்விடும். படிவத்தின் தலைப்பில் ஃப்ரீ லுக் ரத்து என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

காரணம் கேட்பார்கள், விதியும் காரணத்தோடு எழுதச் சொல்கிறது. ஒரு வரி போதும். அந்த அம்மா எழுதியது இதுதான்:

"என் பாலிசி ஆவணம் 9.2.2026 அன்று தபாலில் கிடைத்தது. பிரீமியம் கட்டும் காலம் 10 வருடம், பாலிசிக் காலம் 20 வருடம் என்ற நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஃப்ரீ லுக் காலத்துக்குள் இந்தப் பாலிசியை ரத்து செய்து, விதிப்படி அனுமதிக்கப்பட்ட பிடித்தம் போக மீதித் தொகையைக் கீழ்க்கண்ட என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். ஒவ்வொரு பிடித்தமும் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்ற விவரத்தையும் எழுத்தில் தரவும். இந்தப் பாலிசியில் எந்த உரிமைக்கோரலும் செய்யப்படவில்லை."

டெபாசிட் என்று ஏமாற்றி விற்ற கதையை அவர் இதில் எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டதுதான். தவறாக விற்றார்கள் என்பதை நிரூபிக்கத் தேவையில்லாமல் கிடைக்கிற உரிமை இது. நான்கு பக்கம் குற்றச்சாட்டு எழுதினால் கடிதம் ரத்துப் பிரிவுக்குப் போகாமல் புகார் விசாரணைக்குப் போய்விடும். பிறகு வங்கியிடம் விளக்கம் கேட்பது, பாலிசி வழங்குமுன் செய்த சரிபார்ப்பு அழைப்பின் பதிவைக் கேட்பது என்று நாள் ஓடும். அந்தப் பதிவில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று சொல்லியிருப்பீர்கள், அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள். ஃப்ரீ லுக்கில் அந்த "ஆமாம்" ஒரு தடையே அல்ல. புகார் எழுத வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள், பணம் வந்த பிறகும் எழுதலாம்.

கூட வைக்க வேண்டியவை: அசல் பாண்டு, முதல் பிரீமியம் ரசீது, அடையாள ஆவண நகல், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம். மின்னணு பாலிசி மட்டும் என்றால் அசல் என்று ஒன்று இல்லை. பாண்டைக் கொடுக்குமுன் முன்மொழிவுப் படிவம், நன்மை விளக்கப் பட்டியல் உட்பட எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துவிடுங்கள். கொடுத்தபின் உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

கவுண்டரில் உடனே வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். "கொஞ்சம் உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒருவர் வந்து பேசுவார். வருடக் கட்டணத்தை மாதக் கட்டணமாக்கலாம், காப்புத்தொகையைக் குறைக்கலாம், வேறு திட்டத்துக்கு மாற்றலாம் என்பார். மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் ரத்துக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகப் பதிவாகும், உங்கள் 30 நாளும் அங்கேயே கரையும். "சார், முதல்ல லெட்டர வாங்கி சீல் போட்டுக் குடுங்க, அப்புறம் பேசலாம்" என்றால் போதும். அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். பிப்ரவரி 26, காலை 11.40-க்கு முத்திரை கிடைத்தது.

என்ன பிடிக்கலாம்

மூன்றே பிடித்தங்கள்தான் அனுமதி: ஸ்டாம்ப் ட்யூட்டி, மருத்துவப் பரிசோதனைக்கு நிறுவனம் செலவழித்தது, பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான விகிதாசார ரிஸ்க் பிரீமியம். ஏஜெண்ட் கமிஷன், நிர்வாகச் செலவு, பிராசஸிங் கட்டணம் எதுவும் இதில் வராது. ஜிஎஸ்டியும் பேச்சில் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

ஸ்டாம்ப் ட்யூட்டியை நீங்களே சரிபார்க்கலாம். காப்புத்தொகையில் ஆயிரத்துக்கு 20 பைசா. 10 லட்சம் என்றால் ஆயிரம் ஆயிரம், ஆக 200 ரூபாய். பிரீமியம் எவ்வளவு என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்து விவரத்தில் 200-க்குப் பதில் 1,000 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மருத்துவச் செலவு நிறுவனம் ஏற்பாடு செய்து, நிறுவனமே லேபுக்குக் கொடுத்த தொகைதான். நீங்களே புதுச்சேரியில் எடுத்துக் கொடுத்த ஈசிஜிக்கு உங்களிடமே பிடிக்க முடியாது. பரிசோதனையே நடக்கவில்லை என்றால் இந்த வரி காலியாக இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் பரிசோதனை எதுவும் இல்லை.

தவறு அதிகம் நுழைவது மூன்றாவதில். அந்த அம்மாவுக்கு வந்த முதல் கணக்கு இப்படி இருந்தது: கட்டிய பிரீமியம் 1,00,000. ஸ்டாம்ப் ட்யூட்டி 200. ரிஸ்க் பிரீமியம் 6,575. திரும்பும் தொகை 93,225.

6,575 எங்கிருந்து வந்தது? பாதுகாப்பு தொடங்கியது பிப்ரவரி 3, கடிதம் பெற்றது பிப்ரவரி 26, இரண்டு நாளையும் சேர்த்து 24 நாள். 1,00,000-ஐ 24-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 6,575. அதாவது முழுப் பிரீமியத்தையும் நாள் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். ரிஸ்க் பிரீமியம் என்பது முழுப் பிரீமியம் அல்ல. சேமிப்பு வகைப் பாலிசியில் நீங்கள் கட்டும் லட்சத்தில் பெரும்பகுதி சேமிப்புக்கும் செலவுக்கும் போகிறது. இறப்புப் பாதுகாப்புக்கான விலை அதில் சிறு துண்டு. அந்த வயதுக்கும் காப்புத்தொகைக்கும் வருடத்துக்கு எவ்வளவு ரிஸ்க் பிரீமியம் என்று கேட்டு எழுதியதற்கு வந்த பதில் 4,000 ரூபாய், ஆயிரத்துக்கு நான்கு ரூபாய். 4,000-ஐ 24-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 263 ரூபாய்.

சரியான கணக்கு: 1,00,000-இல் 200-உம் 263-உம் போக 99,537. முதலில் 93,225 வந்திருந்தது, எழுதிக் கேட்டபின் மீதி 6,312 வந்தது. முதல் தொகையைப் பார்த்து "ஆறாயிரம் போனா போகட்டும், தலை தப்பிச்சுது" என்று விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். குறைவாக வந்த தொகை கணக்கில் ஏறிவிட்டால் உரிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் "முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற படிவத்தில் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுத்தமான டேர்ம் பாலிசியில் இந்த வாதம் அவ்வளவாகப் பலிக்காது. அங்கே சேமிப்பே இல்லை, பிரீமியத்தின் பெரும்பகுதி ரிஸ்க் விலைதான். 15,000 ரூபாய் பிரீமியத்தில் 24 நாளுக்கு 900 ரூபாய் அளவில் பிடித்தால் அது கிட்டத்தட்ட நியாயமே.

நாட்களிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாண்டில் பாலிசி தொடங்கும் தேதி ஒன்றும், ரிஸ்க் தொடங்கும் தேதி ஒன்றும் தனித்தனியாக இருக்கலாம். பிறந்தநாள் தாண்டி வயது கூடிவிடாமல் இருக்க பாலிசியைப் பின்தேதியிட்டு எடுத்திருந்தால், பாலிசித் தேதி இரண்டு மாதம் முன்னால் போய்விடும். அந்த இரண்டு மாதம் உங்களுக்குப் பாதுகாப்பே இல்லை. பிடித்தம் ரிஸ்க் தொடங்கிய தேதியிலிருந்துதான் எண்ணப்பட வேண்டும். விபத்து ரைடர் சேர்த்திருந்தால் அதற்கும் இதே விகிதம்தான்.

யூலிப்பில் சந்தையும் உள்ளே வருகிறது. ஒரு லட்சம் கட்டி, ஒதுக்கீட்டுக் கட்டணம் 3,000 போக 97,000 ரூபாய்க்கு, ஒரு யூனிட்டின் அன்றைய விலையான என்ஏவி 20 ரூபாயில் 4,850 யூனிட் வாங்கியதாக வையுங்கள். ரத்தாகும் நாளில் என்ஏவி 19 என்றால் யூனிட் மதிப்பு 92,150. எடுத்த ஒதுக்கீட்டுக் கட்டணம் 3,000 திரும்பச் சேர வேண்டும், ஆக 95,150. யூனிட்டை ரத்து செய்து எடுத்த மாதாந்தரக் கட்டணங்கள் இருந்தால் அவையும் சேரும். அதன்பிறகுதான் மேலே சொன்ன மூன்று பிடித்தங்கள். 4,850 ரூபாய் இழப்பு உங்களுடையது, அதற்கு யாரையும் கேட்க முடியாது. என்ஏவி 21 ஆகியிருந்தால் லாபமும் உங்களுடையதே. இதனால்தான் முத்திரையில் நேரத்தையும் கேளுங்கள் என்றது: யூலிப்பில் பிற்பகல் 3 மணிக்குமுன் கொடுத்த கோரிக்கைக்கு அன்றைய என்ஏவி, அதற்குப்பின் கொடுத்ததற்கு அடுத்த நாளுடையது. யூலிப் கணக்கில் முதலில் தேட வேண்டியது அந்த ஒதுக்கீட்டுக் கட்டணம் திரும்பச் சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான். வெறும் ஃபண்ட் மதிப்பை மட்டும் அனுப்பிவிட்டு முடிந்தது என்று சொல்வதும் நடக்கிறது.

ஏழு நாளும் அதற்குப் பிறகும்

கோரிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். பிப்ரவரி 26-இல் கொடுத்தது மார்ச் 5-க்குள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி. கேட்காமலே தர வேண்டியது அது, ஆனாலும் கேட்டு எழுதுங்கள்.

நம் ஊரில் தாமதத்துக்கு அதிகக் காரணம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓரெழுத்து, வங்கியில் அப்பா பெயர் முழுதாக, பாலிசியில் கணவர் பெயர் சேர்த்து என்று மூன்று விதமாக இருக்கும். பணம் போய்த் திரும்பி வரும், கம்பெனி மறுபடி ஆவணம் கேட்கும், ஏழு நாள் மறுபடி எண்ணப்படும். பெயர் வேறுபட்டால் கடிதத்தோடே "இந்தப் பெயர்களில் உள்ளவர் நான் ஒருவரே" என்று ஒரு உறுதிமொழியும் இரண்டு அடையாள ஆவணமும் வைத்துவிடுங்கள். பிரீமியத்தை மகன் கணக்கிலிருந்து கட்டியிருந்தாலும், திரும்பும் பணம் பாலிசிதாரர் பெயரில் உள்ள கணக்குக்கே வரும். மகன் கணக்கைக் கொடுத்தால் கோரிக்கை நிற்கும்.

பணம் வரவில்லை, அல்லது கணக்கு தவறு, அல்லது நாள் தாண்டியதென்று மறுத்தார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் முகவரி பாண்டிலேயே இருக்கும். இரண்டு வாரத்தில் தீரவில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம், bimabharosa.irdai.gov.in. இலவச எண் 155255. தளத்தில் பதியும்போது முத்திரை உள்ள பிரதியையும், பட்டுவாடா தேதிப் படத்தையும், கம்பெனி அனுப்பிய கணக்கையும் இணைத்தால் போதும், நீளமாக எழுத வேண்டியதில்லை. "6,575 பிடித்தது முழுப் பிரீமியத்தின் மீது, விதி சொல்வது ரிஸ்க் பிரீமியத்தின் மீது, சரியான தொகை 263, மீதி 6,312 தர வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். நிறுவனம் மறுத்தபின் அல்லது ஒரு மாதம் பதிலே இல்லாதபின், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கும் சென்னை அலுவலகம். புதுச்சேரி யூனியன் பிரதேசமே ஆனாலும் மாஹேக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஹைதராபாத். ரேஷன் கார்டில் புதுச்சேரி என்று இருக்கிறதே என்று மாஹேவிலிருந்து சென்னைக்கு அனுப்பினால் கடிதம் சுற்றி வர வேண்டியிருக்கும்.

பணம் வந்தபிறகு ஒரு வேலை மிச்சம். பாலிசிக்காகக் கொடுத்த ஆட்டோ டெபிட் ஒப்புதல் தானாக ரத்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அந்த அம்மா நெட் பேங்கிங் இல்லாதவர், வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து நிறுத்தினார். இல்லாவிட்டால் அடுத்த பிப்ரவரி 3-ஆம் தேதி, இல்லாத பாலிசிக்கு லட்ச ரூபாய் எடுக்கப் பார்த்து, கணக்கில் பணம் இல்லையென்றால் பவுன்ஸ் கட்டணமும் விழும். அந்த வருடப் பிரீமியத்தை 80சி-யில் காட்டச் சொல்லி அலுவலகத்திலோ ஆடிட்டரிடமோ ரசீது கொடுத்திருந்தால், அதையும் அப்போதே திரும்ப வாங்கிவிடுங்கள்.